2எச், எச்பி, 6பி: எந்த வேலைக்கு எந்தப் பென்சில்?

பென்சிலின் வால் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து அச்சாகியிருக்கும்: எச்பி, 2பி, 2எச் என்று. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது டஜன் கணக்கில் பென்சில் வாங்கிப் போகும் பெற்றோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. பிள்ளை பொறியியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து, வாங்க வேண்டிய சாமான் பட்டியலை நீட்டும்போதுதான் அந்த எழுத்து கண்ணில் படுகிறது. அதில் 2எச், எச், எச்பி என்று மூன்று ரகம் இருக்கும். ஓவிய வகுப்புக்குப் போகும் இளைய பிள்ளையின் பட்டியலிலோ 4பி, 6பி. ஒரே பென்சிலை லேசாகப் பிடித்தால் வெளிர் கோடு, அழுத்திப் பிடித்தால் கருங்கோடு வந்துவிடுமே, எதற்கு இத்தனை ரகம் என்று கடைக்காரரைக் கேட்பவர்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால், கடினப் பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் மென்பென்சிலின் கருமை வராது, தாள்தான் பள்ளமாகும். மென்பென்சிலை எவ்வளவு லேசாகப் பிடித்தாலும் கடினப் பென்சிலின் மெல்லிய கூர்கோடு நீண்ட நேரம் நிற்காது, முனைதான் மழுங்கும். ஏன் அப்படி என்று தெரிந்துவிட்டால், வாங்க வேண்டியது எது என்பதை யாரிடமும் கேட்காமல் நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

உள்ளே இருப்பது என்ன?

'லெட்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பென்சிலுக்குள் ஈயம் துளியும் இல்லை. இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்ற பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு கறுப்புக் கனிமம் கிடைத்தது. பார்வைக்கு ஈயத்தின் சாயல் இருந்ததால் 'கறுப்பு ஈயம்' என்றே அழைத்தார்கள். அது கரியின் ஒரு வடிவம் என்பதை 1779இல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீலே காட்டினார். பத்தாண்டு கழித்து அதற்கு கிராஃபைட் என்ற பெயர் வந்தது.

பாரோடேல் கிராஃபைட் மிகத் தூய்மையானது. வெட்டியெடுத்து, குச்சியாக அறுத்து, மரத்துக்குள் வைத்தாலே போதும், பென்சில் தயார். அதில் ரகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பூமி கொடுத்த மென்மைதான் பென்சிலின் மென்மை.

அதை மாற்றியது ஒரு போர். 1793இல் பிரான்சும் பிரிட்டனும் மோதிக்கொண்டபோது பிரான்சுக்கு ஆங்கில கிராஃபைட் வருவது நின்றது. கையில் இருந்ததோ தூளாகவும் கலப்படமாகவும் கிடைத்த மட்டமான கிராஃபைட். அதை வைத்துப் பென்சில் செய்ய வழி தேடும் வேலை நிக்கொலா ஜாக் கோந்தே என்ற அறிவியலாளரிடம் வந்தது. அவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு நீர்விட்டுப் பிசைந்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மட்டமான சரக்கை ஈடுகட்டச் செய்த இந்த வேலையில்தான் நாம் இன்று கடையில் பார்க்கும் அத்தனை ரகங்களும் பிறந்தன. களிமண்ணைக் கூட்டினால் குச்சி கடினமாகிறது, குறைத்தால் மென்மையாகிறது என்பது தெரிந்துபோயிற்று.

இன்றைய தொழிற்சாலையிலும் அடிப்படை அதுதான். கிராஃபைட்டையும் களிமண்ணையும் நீரோடு சேர்த்து மிக நுண்ணியதாக அரைக்கிறார்கள். அந்தக் கலவையைச் சின்னத் துளை வழியாகப் பிழிந்து நீளக் குச்சிகளாக்கி, உலர்த்தி, காற்று புகாத பாத்திரத்தில் வைத்து ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். காற்று புகுந்தால் கிராஃபைட் எரிந்துபோகும். சுட்ட குச்சியில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றில் உருகிய மெழுகை ஊறவிடுகிறார்கள். தாளில் வழுக்கிக்கொண்டு போகும் சுகம் பாதி இந்த மெழுகால் வருவது.

சாதாரண எச்பி குச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிராஃபைட், கால் பங்கு களிமண், மீதி மெழுகு. கடினக் கோடியில் இருக்கும் 9எச்சில் பாதிக்கும் மேல் களிமண்தான். மென்மைக் கோடியில் இருக்கும் 8பியில் களிமண் பேருக்குத்தான். பத்தில் ஒன்பது பங்கு கிராஃபைட்.

எச், பி, நடுவில் எஃப்

எச் என்பது கடினம், பி என்பது கருமை. முன்னால் வரும் எண் கூடக் கூட அந்தக் குணம் கூடுகிறது. 2எச்சைவிட 4எச் கடினம்; 2பியைவிட 6பி மென்மை, கருமை. இரண்டு பக்கமும் சமமாகச் சேரும் நடுப்புள்ளி எச்பி. எச்பிக்கும் எச்சுக்கும் நடுவில் எஃப் என்று ஒன்று உண்டு. நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். அமெரிக்கர்கள் இந்த எழுத்துகளுக்குப் பதில் எண்ணை மட்டும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய 'நம்பர் 2' பென்சில் நம்முடைய எச்பிதான்.

தாளில் நடப்பது இது. கிராஃபைட்டின் அணுக்கள் மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சீட்டுக்கட்டை மேசையில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவது போல, தாளில் உரசும்போது இந்த ஏடுகள் சறுக்கி உதிர்கின்றன. உதிர்ந்தவை தாள் நார்களின் மேடுபள்ளங்களில் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் கோடு. களிமண் அதிகமிருந்தால் அது ஏடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம்தான் உதிரும், கோடு வெளிறும். ஆனால் முனை தேயாது. களிமண் குறைந்தால் ஏடுகள் தாராளமாக உதிரும், கோடு கறுக்கும். ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், கை பட்டால் தேய்ந்து ஊர்ந்துபோகும்.

ஆக, கருமையும் கூர்மையும் ஒரே பென்சிலில் சேர்ந்து வாரா. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். நம் வேலைக்கு இரண்டில் எது தேவை என்பதுதான் ரகத்தைத் தீர்மானிக்கும் கேள்வி.

எழுத

எழுத்துக்குக் கொஞ்சம் கருமையும் வேண்டும், கொஞ்சம் கூர்மையும் வேண்டும். படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் சீவிக்கொண்டும் இருக்க முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க எழுதுவதற்கு எச்பி நிலைத்தது.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றி யோசிப்பது நல்லது. ஜப்பானில் தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புகளில் பி அல்லது 2பி பென்சிலைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். விரல்களில் இன்னும் வலு ஏறாத வயதில், லேசாகத் தொட்டாலே கறுப்பாக விழும் பென்சில் குழந்தைக்கு உதவி. எச்பியில் எழுத்து வெளிறித் தெரிந்தால், 'அழுத்தி எழுது' என்று நாம் சொல்வோம். குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், நோட்டின் அடுத்த பக்கம் வரை பள்ளம் விழும், கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கும். நோட்டைத் திருப்பி பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மேடு தட்டியிருந்தால், அந்தக் குழந்தைக்குப் பென்சிலை ஒரு ரகம் மென்மையாக்கிக் கொடுக்கலாம். 2பி அதற்கு மேல் வேண்டாம். 4பியில் எழுதினால் கையோரம் பட்டுப் பக்கமே சாம்பல் பூத்துவிடும்.

இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்குத் தமிழோ ஆங்கிலமோ எழுதும்போது கை, எழுதிய எழுத்தின் மேலேயே நகர்கிறது. அவர்களுக்கு எச்பியைத் தாண்டி மென்மை வேண்டாம். எச்சுக்கு ஒரு படி போனாலும் தவறில்லை.

அளந்து வரைய

இப்போது பொறியியல் முதலாண்டு வரைபடத் தாளுக்கு வருவோம். பலகையில் தாளைப் பொருத்தி, மினி டிராஃப்டரை மாட்டியாயிற்று. நடுவில் வட்டத் துளையிட்ட ஓர் இரும்புக் கட்டையின் முன்தோற்றமும் மேல்தோற்றமும் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வருவது துணைக்கோடுகள்: மைய அச்சுகள், ஒரு தோற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் கோடுகள். இவை மெல்லியதாக, கூராக, வெளிறியதாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோட்டில் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்ற குழப்பம் வந்தால், தாள் முடிவதற்குள் இரண்டு தோற்றங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். எனவே 2எச். முனையை நீளமாகச் சீவி, உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொள்வார்கள். கோடு இழுக்கும்போதே பென்சிலை விரல்களுக்குள் மெல்ல உருட்டினால் முனை ஒருபக்கம் தேயாமல் கூம்பாகவே இருக்கும்.

அடுத்து, பொருளின் விளிம்புகளை அழுத்தமாக இறக்க வேண்டும். இதற்கு எச். கட்டையின் உருவம் துணைக்கோடுகளிலிருந்து துலங்கித் தெரிய வேண்டும், ஆனால் பரவக் கூடாது. வட்டங்களையும் வளைவுகளையும் முதலில் அழுத்தி முடித்துவிட்டு, அதன் பிறகு நேர்கோடுகளுக்கு வருவதுதான் வழக்கம். ஏற்கெனவே இருக்கும் வளைவோடு நேர்கோட்டைச் சேர்ப்பது சுலபம். நேர்கோட்டோடு வளைவைச் சேர்ப்பது கடினம். கடைசியாக எழுத்துகளும் அளவு எண்களும். அவை கையால் எழுதுபவை, எனவே எச்பி.

இங்கே பல மாணவர்களுக்குப் பிடிபடாத ஒரு சிக்கல் உண்டு. கவராயத்தால் போட்ட வட்டம் மட்டும் மற்ற கோடுகளைவிட வெளிறித் தெரியும். பென்சிலைக் கையால் பிடித்து அழுத்துவது போலக் கவராயத்தை அழுத்த முடியாது. அழுத்தினால் ஊசி நகர்ந்து மையம் பெருத்துவிடும். அதனால் கவராயத்தில் பொருத்தும் குச்சி, நேர்கோட்டுக்குப் பயன்படுத்துவதைவிட ஒரு ரகம் மென்மையாக இருக்க வேண்டும். நேர்கோடு எச்சில் என்றால் வட்டம் எச்பியில். அப்போதுதான் இரண்டும் ஒரே கருமையில் விழும்.

கடினம் நல்லது என்று 4எச், 6எச் பக்கம் போய்விடுவதும் ஆபத்து. அவை தாளை உழுதுவிடும். ரப்பரால் அழித்தால் கறுப்பு போகும், பள்ளம் போகாது. தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அழித்த கோடெல்லாம் வரி வரியாகத் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் அந்த வெளிர் கோடுகள் பாதி விழாது. மாறாக எல்லாவற்றையும் எச்பியிலேயே போட்டால், டிராஃப்டரின் பட்டை மேலும் கீழும் போய்வந்து தாள் முழுதும் சாம்பல் நிறமாகும். தாள் அழுக்காகிறது என்றால் பென்சில் மென்மை. தாளில் தடம் பதிகிறது என்றால் பென்சில் கடினம் அல்லது கை கனம்.

0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் வைத்திருப்பவர்களுக்குச் சீவும் வேலை மிச்சம். அந்த மெல்லிய குச்சிகளில் களிமண்ணுக்குப் பதில் பிசின் சேர்த்துச் சுடுகிறார்கள். இல்லாவிட்டால் அத்தனை மெல்லிய குச்சி நொடியில் முறிந்துவிடும். அதனால் அதன் எச்பியும் மரப்பென்சிலின் எச்பியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கா.

பார்த்து வரைய

ஓவியத்தில் தேவை வேறு. அங்கே கோட்டைவிட நிழல் முக்கியம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக இறங்க வேண்டும். ஜன்னலோரம் ஒரு மண்பானை இருக்கிறது, இடதுபக்கமிருந்து வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

உருவக் கோட்டை எச்பியில், பென்சிலைத் தளர்வாகப் பிடித்து, கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போடுங்கள். வெளிச்சம் நேராக விழும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் அதே எச்பியாலோ எச்சாலோ மெல்லிய நிழலைப் பூச வேண்டும். இந்த முதல் பூச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. டிராயிங் தாள் மேடுபள்ளமானது. மென்பென்சில் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு போகும். பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். கூரான கடினப் பென்சில் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி நிரப்பிவிடும். அதன்மேல் 2பியால் வயிற்றுப்பகுதியின் வளைவை இறக்கினால் நிழல் வழவழவென்று வரும். கடைசியாக 6பி. பானையின் வாய்க்குள் தெரியும் இருட்டு, தரையில் பானை தொடும் இடத்து நிழல், இந்த இரண்டு இடத்துக்கு மட்டும்.

இந்த வரிசையை மாற்றி 6பியில் தொடங்கினால் என்ன ஆகும்? தாளின் மேடுகள் முழுக்க கிராஃபைட்டும் மெழுகும் படிந்து வழவழப்பாகிவிடும். அதற்குமேல் எந்தப் பென்சிலும் பிடிக்காது, வழுக்கும். கையும் பட்டுப் படம் மேகமாகும். கடினத்திலிருந்து மென்மைக்கு, வெளிரிலிருந்து கருமைக்கு என்பதுதான் பென்சில் ஓவியத்தின் ஒழுங்கு.

அந்தக் கருமையை எச்பியாலேயே அழுத்தி வரவழைக்கப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. அழுத்த அழுத்த கிராஃபைட் ஏடுகள் தாளில் தட்டையாகப் படுத்துக்கொள்கின்றன. தட்டையான பரப்பு வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பானையின் வாய் இருட்டாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளிப் பளபளப்பு தெரியும். 6பியை லேசான கையோடு இரண்டு மூன்று முறை பூசினால் இந்தப் பளபளப்பு குறையும், முழுதும் போகாது. அது கிராஃபைட்டின் கூடப் பிறந்த குணம். பளபளப்பே இல்லாத முழுக்கறுப்பு வேண்டுமென்றால் கரித்துண்டுக்குத்தான் போக வேண்டும். இதனால்தான் சில தயாரிப்பாளர்கள் தங்கள் மிகக் கறுத்த பென்சில்களில் கிராஃபைட்டோடு கரித்தூளையும் சேர்க்கிறார்கள்.

மென்பென்சிலை ஷார்ப்னரில் போடும்போது முனை முறிந்துகொண்டே இருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது பிளேடிலும் முறிந்தால், அந்தப் பென்சில் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, உள்ளே குச்சி துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று பொருள். அதற்கு வைத்தியம் இல்லை. 4பிக்கு மேற்பட்டவற்றைப் பிளேடால் நீளமாகச் சீவிக்கொள்வதே பாதுகாப்பு.

எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

எச்பி என்றால் இவ்வளவு கருமை என்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரே அளவு கிடையாது. ஒரே நிறுவனத்தின் பெட்டிக்குள் 2எச், எச், எச்பி, 2பி எல்லாம் ஒழுங்காகப் படியிறங்கும். நிறுவனம் மாறினால் ஒருவருடைய எச்பி இன்னொருவருடைய பி அளவுக்குக் கறுத்திருக்கலாம். ஜப்பானியப் பென்சில்கள் பொதுவாக ஒரு படி கறுப்பாக விழும். எனவே ஒரு படம் முடியும்வரை ஒரே நிறுவனத்தின் பென்சில்களை வைத்துக்கொள்வது நல்லது. 'எக்ஸ்ட்ரா டார்க்' என்று மட்டும் போட்டு ரகம் குறிப்பிடாமல் வரும் பென்சில்களைத் தாளில் இழுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த எழுத்து பென்சிலை விட்டு வேறு இடத்துக்கும் போயிருக்கிறது. செல்போன் கடைகளில் ஒட்டும் கண்ணாடி உறையில் '9எச்' என்று போட்டிருப்பது இதே 9எச்தான். பெயின்ட், பூச்சு ஆகியவற்றின் கடினத்தை அளக்க, ரகம் ரகமான பென்சில்களின் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்வில் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை நெடுங்காலமாக உண்டு. 9எச் பென்சிலால் கீற முடியவில்லை என்பதுதான் அந்த எழுத்தின் முழுப் பொருள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் எந்தப் பென்சிலையும்விட மிகக் கடினமானது. பையில் மணல் இருந்தால் 9எச் கண்ணாடியும் கீறும்.

என்ன வாங்கலாம்?

12, 24 என்று முழுப் பெட்டி யாருக்கும் உடனே தேவைப்படாது. பள்ளிப் பிள்ளைக்கு எச்பி. ஒன்றாம் இரண்டாம் வகுப்பென்றால் 2பி. பொறியியல் வரைபடத்துக்கு 2எச், எச், எச்பி மூன்று போதும். ஓவியம் தொடங்குபவருக்கு எச்பி, 2பி, 6பி மூன்று போதும். பக்கத்துப் பக்கத்து எண்களுக்குள் வித்தியாசம் சின்னது, கை தேறிய பிறகுதான் பயன்படும்.

வாங்கியதும் ஒரே தாளில், ஒரே அழுத்தத்தில், ஒவ்வொன்றாலும் ஒரு கட்டம் நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் ஒருமுறை தேயுங்கள், பாதியை ரப்பரால் அழியுங்கள், பிறகு தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எது ஊர்கிறது, எது பள்ளம் விடுகிறது, எது சுத்தமாக அழிகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளைப் பென்சில் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எந்த எழுத்தைக் கேட்டு வாங்குவது என்பதற்கு அதுவே போதும்.